“கலங்கல் கசிவு” என்று படித்தால் உங்களுக்கு என்ன புரிகிறது? (அணை ஆய்வுப் படிவம், தமிழில்)

வைகைக்கரை · 2 ஜூன், காலை 7.10

ஒரு மண் அணையின் பாதுகாப்பு ஆய்வுப் படிவத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 11 பக்கம். 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டப்படி பருவமழைக்கு முன்னும் பின்னும் முழு ஆய்வு நடக்க வேண்டும். அதைப் பொறியாளர்கள் ஆங்கிலப் படிவத்தில் செய்துகொள்வார்கள். என் கையில் இருப்பது வாராவாரம் கரையைச் சுற்றி வருகிறவர்களுக்கானது. நிரப்பப் போகிறவர்கள் லஸ்கர்கள்.

மூன்று இடத்தில் தயங்கி நிற்கிறேன். கரையின் அடியில் வரும் கசிவுநீர் மண் கலந்து வருகிறதா என்று கேட்கும் வரியை “கலங்கல் கசிவு உள்ளதா? ஆம் / இல்லை” என்று போட்டிருக்கிறேன். வெள்ளநீர் வெளியேறும் கட்டுமானத்துக்கு “உபரிநீர் போக்கி”. பீசோமீட்டருக்கு “நுண்துளை நீரழுத்தமானி”. அகராதியில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அணைக்கரையில் நின்றவர்கள் யாராவது இருந்தால், இதைப் படித்ததும் என்ன புரிகிறது என்று சொல்லுங்கள்.

சொற்கிடங்கு · 2 ஜூன், காலை 8.02

முதல் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. “கலங்கல் கசிவு” இரண்டே சொல்லில் முடிந்துவிட்டது, கட்டத்துக்குள் அடங்கும். மூன்றாவதுதான் கனம். பீசோமீட்டர் என்பது கரைக்குள் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று காட்டுகிற குழாய். அப்படியானால் “கரைநீர்மட்டக் குழாய்” என்று போடுங்கள். பார்த்ததுமே புரியும்.

மாடிவீட்டுக்காரர் · 2 ஜூன், காலை 9.30

எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் அடியில் இரண்டு மாதமாகக் கசிவு. தெளிவாகத்தான் வருகிறது. நீங்கள் சொல்லும் ஆய்வுப் படிவத்தில் இதற்கு வழி இருக்கிறதா? கொத்தனார் ரசாயனம் பூசினால் போதும் என்கிறார்.

வைகைக்கரை · 2 ஜூன், காலை 9.48

இது அணைக்கானது, வீட்டுத் தொட்டிக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. தொட்டியைக் காலிசெய்து உள்பக்கம் பார்த்துவிட்டுப் பூசச் சொல்லுங்கள். வெளியே பூசினால் தண்ணீர் வேறு இடத்தைத் தேடும்.

பழைய ஏ.இ. · 2 ஜூன், இரவு 9.15

தம்பி, அந்த முதல் வரியை இன்றைக்கே அடித்துவிடுங்கள்.

நான் வேலை பார்த்த வட்டாரத்தில் கலங்கல் என்றால் ஏரியில் உபரிநீர் வழிகிற கல்கட்டு. “கலங்கல் போகுது” என்றால் ஏரி நிறைந்து வழிகிறது என்று பொருள், தண்ணீர் கலங்கியிருக்கிறது என்று அல்ல. உங்கள் வரியை எங்கள் லஸ்கரிடம் கொடுத்தால் நேராகக் கலங்கலுக்குப் போவார். கல் இடுக்கில் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார். வரவில்லை என்றால் “இல்லை” என்று டிக் அடித்துவிட்டு வந்துவிடுவார். அவர் மேல் தப்பே கிடையாது, படிவம் கேட்டதற்குப் பதில் எழுதியிருக்கிறார். கரையின் அடியில் சேறாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தால் அது எந்தக் கட்டத்திலும் ஏறாது. மொத்தப் படிவத்திலும் தவறவே விடக் கூடாத வரி ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

குளத்தங்கரை · 2 ஜூன், இரவு 10.40

நான் நெல்லைப் பக்கம். எங்கள் ஊரில் குளம் நிறைந்தால் மறுகால் பாயும். கலங்கல் என்றால் கலங்கின தண்ணீர்தான். ஆகவே எங்கள் ஆட்களுக்கு இந்த வரி சரியாகவே புரியும். ஏ.இ. ஐயா சொல்வது வடக்கே செல்லும். அங்கேயும் சில ஊரில் “கோடி போகுது” என்பார்களே?

பழைய ஏ.இ. · 2 ஜூன், இரவு 10.55

சொல்வார்கள். ஒரே மாவட்டத்தில் இரண்டு சொல்லும் கேட்டிருக்கிறேன். அதனால்தான் அடிக்கச் சொல்கிறேன். பாதிப் பேருக்குச் சரியாகப் புரிகிற வரி ஆபத்தானது. யாருக்குமே புரியாவிட்டால் கேட்பார்கள். பாதிப் பேருக்கு வேறு மாதிரிப் புரிந்தால் யாரும் கேட்க மாட்டார்கள்.

வைகைக்கரை · 3 ஜூன், காலை 6.30

இரவெல்லாம் இதே யோசனை. நான் தேனிக்காரி, எனக்குக் கலங்கல் என்றால் மழைக்காலத்துச் செந்நீர்தான் கண்ணுக்குள் வரும். இரண்டாவது பொருள் உறைக்கவே இல்லை. (ஐயா, நான் தம்பி இல்லை, தங்கை.)

இப்போது மாற்றியிருப்பது: “கரையின் அடியில் வரும் கசிவுநீர் கலங்கலாக உள்ளதா?”

பழைய ஏ.இ. · 3 ஜூன், காலை 7.05

மன்னிக்கவும் அம்மா. இந்த வரி பரவாயில்லை. ஆனால் இன்னும் ஒன்று இருக்கிறது. கரை அடியில் பல இடங்களில் ஆரஞ்சு நிறத்தில் சளி மாதிரி ஒன்று படிந்திருக்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் ஒருவகை நுண்ணுயிர் வளர்ந்து அப்படி ஆகும். பார்ப்பதற்குச் சேறு போலவே தெரியும், ஆனால் மேலே ஓடும் நீர் தெளிவாக இருக்கும். புதிய ஆள் அதைப் பார்த்து “ஆம்” என்று எழுதுவார். இரண்டு வாரம் பதறி ஓடியபின் பொறியாளருக்கு அலுத்துவிடும். மூன்றாவது வாரம் உண்மையிலேயே மண் வரும்போது அந்த “ஆம்”-ஐ யாரும் மதிக்க மாட்டார்கள்.

சொற்கிடங்கு · 3 ஜூன், காலை 10.20

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். மண் அணை என்றால் கசிவு இருக்கத்தான் செய்யும் என்று படித்திருக்கிறேன். தெளிவாக வந்தால் ஆபத்தில்லை, கலங்கி வந்தால் ஆபத்து. அப்படியானால் படிவத்தில் கலங்கியதற்கு மட்டும் ஒரு கட்டம் போதுமே? தெளிந்த கசிவை எழுதி என்ன பயன்?

பழைய ஏ.இ. · 3 ஜூன், இரவு 8.50

முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை நம்பி ஏமாந்தவர்கள் உண்டு.

அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை. மண் அணை, முதல் தடவையாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். 1976 ஜூன் 3 அன்று அணைக்குக் கீழே வலது பக்கத்தில் புதிதாக ஊற்றுகள் கண்ணில் பட்டன. தண்ணீர் தெளிவு. ஜூன் 5 காலை ஏழு மணி வாக்கில் கலங்கிய நீர் வரத் தொடங்கியது. புல்டோசர் வைத்து ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள், புல்டோசர்களே உள்ளே போயின. பகல் 12 அடிக்கச் சில நிமிடம் இருக்கும்போது அணை உடைந்தது. தெளிந்த ஊற்று தெரிந்ததற்கும் உடைந்ததற்கும் நடுவே இரண்டு நாள். கலங்கல் தெரிந்தபின் கிடைத்தது ஐந்து மணி நேரம்.

தெளிந்த கசிவை ஏன் எழுத வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. புதிய இடத்தில் வந்தால் எழுத வேண்டும். பழைய இடத்தில் அளவு கூடினால் எழுத வேண்டும். கூடுதல் என்பதையும் நீர்த்தேக்க மட்டத்தோடு சேர்த்துத்தான் பார்க்க முடியும். அணையில் தண்ணீர் ஏறினால் கசிவும் ஏறுவது இயல்பு. மட்டம் மாறாமல் கசிவு மட்டும் ஏறினால் உள்ளே ஏதோ நடக்கிறது.

வைகைக்கரை · 4 ஜூன், காலை 6.15

“கூடியுள்ளதா” என்று கேட்கும் வரியிலும் எனக்கு ஒரு தடுமாற்றம். மூலத்தில் வி-நாட்ச் அளவு கேட்கிறார்கள். கசிவுநீர் எல்லாம் ஒரு சின்ன வாய்க்காலில் சேர்ந்து, வி வடிவில் வெட்டிய தகட்டின் வழியே விழும். அதில் எத்தனை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் போகிறது என்று எழுத வேண்டும். நான் அதற்கு “வி-வெட்டுத் தகடு” என்று புதிதாக ஒரு பெயர் வைத்திருந்தேன். அணையில் எல்லோரும் வி-நாட்ச் என்றே சொல்கிறார்கள் என்று தெரிந்ததும் அப்படியே விட்டுவிட்டேன். தகட்டின் மேலேயே பெயிண்டில் வி-நாட்ச் என்று எழுதியிருக்கிறார்கள். படிவத்தில் வேறு பெயர் இருந்தால் இரண்டும் வேறு வேறு பொருள் என்றுதான் நினைப்பார்கள்.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 90 பாகை நாட்சில் நீர் 6 செ.மீ. உயரத்தில் போனால் வினாடிக்கு 1.2 லிட்டர் அளவு. 8 செ.மீ. என்றால் 2.5 லிட்டர். இரண்டு சென்டிமீட்டர்தான், ஆனால் தண்ணீர் இரண்டு மடங்கு. “கசிவு சற்றுக் கூடியுள்ளதா?” என்று நான் எழுதியிருந்த வரிக்கு இதில் யாருமே “ஆம்” என்று எழுதியிருக்க மாட்டார்கள். கண்ணுக்கு அது சற்றுக்கூட இல்லை. வரியை நீக்கிவிட்டு “வி-நாட்ச் உயரம்: ___ செ.மீ. / சென்ற வாரம்: ___ செ.மீ. / அணை நீர்மட்டம்: ___” என்று மூன்று கட்டம் வைத்துவிட்டேன்.

பழைய ஏ.இ. · 4 ஜூன், காலை 7.40

நல்லது. எந்த இடத்தில் அளப்பது என்றும் ஒரு வரி சேருங்கள். தகட்டின் வாயில் ஸ்கேல் வைத்தால் குறைவாக வரும், தண்ணீர் அங்கே வளைந்து இறங்குகிறது. கொஞ்சம் பின்னால், நீர் சமமாக நிற்கும் இடத்தில் அளவுகோல் பதித்திருப்பார்கள். அதைப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.

முத்தையன்கட்டு · 4 ஜூன், இரவு 11.20

முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். எங்கட பக்கம் உங்கட உபரிநீர் போக்கிக்கு வான் என்று பெயர். மழை கூடினால் “குளம் வான் பாயுது” என்பம். கதவு இருந்தால் வான் கதவு. செய்தியிலும் அப்படித்தான் வரும், நீர்ப்பாசனத் திணைக்களமும் அப்படித்தான் எழுதும். ஓர் எழுத்துச் சொல் மாதிரிச் சின்னது, கட்டத்துக்குள் அடங்கும். இதை ஏன் நீங்கள் எடுக்கக் கூடாது?

இன்னொன்று. நீங்கள் கசிவு கசிவு என்று கரையை மட்டும் பார்க்கிறீர்கள். 1986 ஏப்ரல் 20 விடியப்புறம் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கு மேல் சனம் செத்தது. உடைப்பு துருசு இருந்த பக்கம்தான் தொடங்கினது. மண்ணும் கட்டடமும் சேருகிற இடத்துக்குப் படிவத்தில் தனிவரி இருக்கா?

வைகைக்கரை · 5 ஜூன், காலை 6.05

அண்ணா, துருசு என்பது இங்கே நாங்கள் பாசன மதகு என்று சொல்வதுதானே? அதற்கு மூலத்தில் ஒரு வரி இருக்கிறது, “கட்டுமானங்களை ஒட்டிய கசிவு” என்று பொதுவாக எழுதி 9-ஆம் பக்கத்தில் கொண்டுபோய் வைத்திருந்தேன். நீங்கள் சொன்னபின் அதை கரை அடிக்கான பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். மண்ணைக் கெட்டிப்படுத்தும் இயந்திரம் காங்கிரீட்டை ஒட்டிப் போக முடியாது என்பதால் அந்த இடம் இளக்கமாக நின்றுவிடும் என்று ஒரு ஒர்க் இன்ஸ்பெக்டர் எனக்கு ஒருமுறை காட்டியிருக்கிறார். அப்போது அது எனக்குச் செய்தியாகப் படவில்லை.

வான் நல்ல சொல். ஆனால் இங்கே படிவத்தில் “வான் பகுதியில் விரிசல்” என்று போட்டால் அண்ணாந்து பார்ப்பார்கள்.

முத்தையன்கட்டு · 5 ஜூன், காலை 8.30

அது உண்மை. உங்கட மதகு எங்களுக்குக் குழப்பம், எங்கட வான் உங்களுக்கு. போகட்டும்.

குளத்தங்கரை · 5 ஜூன், காலை 9.10

மதகு எங்களுக்கே குழப்பம்! எங்கள் ஊரில் மடை, மதகு எல்லாம் வயலுக்குத் தண்ணீர் விடுவது. மேட்டூரில் உபரிநீர் போகிற இடத்தைப் “16 கண் மதகு” என்கிறார்கள். மதகில் கசிவு என்று ஒருவர் எழுதினால் எந்த மதகு?

வைகைக்கரை · 5 ஜூன், மதியம் 1.20

இதைப் படித்ததும் படிவத்தில் மதகு என்று வரும் இடங்களைத் தேடினேன். 14 இடம். அதில் 5 இடத்தில் வெள்ளநீர்க் கதவைச் சொல்லியிருக்கிறேன், 9 இடத்தில் பாசனக் கதவை. எழுதியவள் நான், எனக்கே எது எது என்று மூலத்தைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது எல்லா இடத்திலும் இரண்டு சொல்லாகவே வைக்கிறேன்: “வெள்ள ஷட்டர்”, “பாசன மதகு”. மொத்தக் கட்டுமானத்துக்கு மட்டும் “உபரிநீர் போக்கி”. ஷட்டர் தமிழா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அதைத் தூக்குகிறவர் ஷட்டர் என்கிறார், கிரீஸ் போடுகிறவரும் ஷட்டர் என்கிறார்.

சொற்கிடங்கு · 5 ஜூன், மாலை 5.00

எனக்கு இதில் உடன்பாடில்லை. இப்படியே போனால் படிவத்தில் வினைமுற்று மட்டும்தான் தமிழாக இருக்கும். உபரிநீர்க் கதவு என்றால் யாருக்குப் புரியாது? ஒரு சொல்லைப் புழக்கத்தில் விட்டால்தான் அது பழகும்.

வைகைக்கரை · 5 ஜூன், மாலை 6.45

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு, அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன். உபரிநீர்க் கதவு புரியும்தான். அதை உங்களிடமிருந்து எடுத்து ஓரமாக வைத்திருக்கிறேன், ஞாயிறு அன்று கேட்டுப் பார்க்கிறேன். அன்று படிவத்தை ஓர் அணைக்கு எடுத்துப் போக அனுமதி கிடைத்திருக்கிறது. மூன்று லஸ்கர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து நிரப்பச் சொல்லப் போகிறேன்.

வைகைக்கரை · 9 ஜூன், இரவு 10.30

இன்று போய்வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அணையின் பெயர் வேண்டாம். மண் கரை, உயரம் 20 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. மூன்று பேர்: ஒருவர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருப்பவர், ஒருவர் நடுவயது, ஒருவர் சேர்ந்து எட்டு மாதம். மூவரும் ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல் ஒரே பாதையில் நடந்தார்கள். பழைய வரியையும் புதிய வரியையும் இரண்டு தாளில் வைத்துக் கேட்டேன்.

“கலங்கல் கசிவு உள்ளதா?” என்ற பழைய வரிக்குப் பெரியவர் என்னை உபரிநீர் போக்கியின் பக்கச் சுவருக்குக் கூட்டிப் போனார். ஏ.இ. ஐயா சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நடந்தது. நடுவயதுக்காரர் கரை அடிக்குப் போய்ச் சரியாகப் பார்த்தார். இளையவர் டிக் அடிக்கவில்லை, “எந்தக் கலங்கல்கா?” என்று என்னிடமே கேட்டார். அந்தக் கேள்வி எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

புதிய வரிக்கு மூவரும் கரை அடிக்கே போனார்கள். ஆனால் அங்கே வேறு சிக்கல். ஓரிடத்தில் ஐயா சொன்ன அதே ஆரஞ்சுச் சளி. இளையவர் “கலங்கல், ஆம்” என்றார். பெரியவர் ஒன்றும் சொல்லாமல் தன் தண்ணீர் பாட்டிலைக் காலிசெய்தார். அடிமண் கிளறாமல், தண்ணீர் தானாக விழும் இடத்தில் பிடித்தார். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிக் காட்டினார். தெளிவு. பாட்டிலை ஒரு கல்மேல் வைத்துவிட்டு, “டீ குடிச்சிட்டு வந்து பார்ப்போம்” என்றார். வந்து பார்த்தபோதும் அடியில் ஒன்றும் தங்கவில்லை. “மண்ணு வந்தா அடியில உக்காரும். அதான் கணக்கு” என்றார்.

நான் ஒரு வாரமாகத் தேடிய வரி அதுதான். படிவத்தில் இப்போது இப்படி இருக்கிறது: “கசிவுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து ஒரு மணி நேரம் வைக்கவும். அடியில் மண் தங்குகிறதா?” கலங்கல் என்ற சொல்லே போய்விட்டது.

உபரிநீர்க் கதவு பற்றியும் கேட்டேன். மூவருக்கும் புரிந்தது. ஆனால் இளையவர் அதைப் படித்ததும் “ஷட்டர்தானே?” என்று உறுதி செய்துகொண்டார். ஷட்டர் என்றே வைப்பதற்கு அந்த “தானே” ஒன்றே போதும் என்று எனக்குப் படுகிறது. சொற்கிடங்குக்காரர் அதையே தன் பக்கத்துச் சாட்சியாகவும் எடுத்துக்கொள்ளலாம்.

பீசோமீட்டர் விஷயம் இதைவிட மோசம். நாளை எழுதுகிறேன், கை வலிக்கிறது.

சொற்கிடங்கு · 9 ஜூன், இரவு 11.05

எடுத்துக்கொள்கிறேன்! கேட்டபின் புரிந்தது என்றால் இரண்டாம் முறை கேட்கத் தேவைப்படாது.

பழைய ஏ.இ. · 10 ஜூன், காலை 6.50

பாட்டில் வரியோடு இரண்டு சேர்க்கவும். ஒன்று, முந்தைய 24 மணி நேரத்தில் மழை உண்டா. மழை பெய்தால் சரிவிலிருந்து வழியும் தண்ணீரே கலங்கலாக வந்து கசிவோடு சேரும். இரண்டு, பாட்டிலைக் கொட்டிவிடாமல் தேதி ஒட்டி அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். நான்கு வாரத்துப் பாட்டிலை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த எழுத்தும் தேவையில்லை.

அப்புறம், மண் தங்கினால் என்ன செய்வது என்பது அந்த வரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உடனே போன். ஒரு மணி நேரம் வைத்துப் பார்க்கச் சொன்னது சந்தேகம் தீர்க்கத்தான். சேறாகவே கொட்டினால் பாட்டிலுக்காகக் காத்திருக்கக் கூடாது.

வைகைக்கரை · 10 ஜூன், இரவு 9.40

சேர்த்துவிட்டேன். நேராகவே எழுதியிருக்கிறேன்: “சேறாக வந்தால் பாட்டில் வேண்டாம். உடனே போன் செய்க.” எண்ணுக்குப் பெரிய கட்டம்.

இப்போது பீசோமீட்டர். அந்த அணையில் இருப்பவை பெரும்பாலும் சாதாரணக் குழாய் வகை. கரையில் துளையிட்டு இறக்கிய பிவிசி குழாய், அடியில் நீர் புகும் நுனி. மேலேயிருந்து டிப் மீட்டரை இறக்கினால் நுனி தண்ணீரைத் தொட்டதும் “பீப்” என்று கத்தும், அப்போது டேப்பில் எத்தனை மீட்டர் என்று படிக்க வேண்டும்.

என் படிவத்தில் இருந்தது: “நுண்துளை நீரழுத்தமானியில் நீர் ஆழம்: ___ மீ.”

முதல் பகுதியைப் பார்த்து மூவரும் என்ன கருவி என்று கேட்டார்கள். அழுத்தமானி என்றதும் இளையவர், பம்ப் ஹவுஸில் இருக்கும் முள் வைத்த பிரஷர் கேஜைக் காட்டினார். சரி, பெயரைத் திருத்திவிடலாம். “நீர் ஆழம்”தான் என்னைத் திடுக்கிட வைத்தது.

அதே குழாய், அதே காலை. நடுவயதுக்காரர் 9.65 என்று எழுதினார். பெரியவர் 8.35 என்று எழுதினார். இருவரும் டேப்பைச் சரியாகத்தான் படித்திருந்தார்கள். முதலாமவர் குழாயின் வாயிலிருந்து தண்ணீர் வரைக்கும் உள்ள தூரத்தை எழுதினார். பெரியவருக்கு அந்தக் குழாய் 18 மீட்டர் நீளம் என்று மனப்பாடம். கிணற்றில் “எத்தனை ஆழம் தண்ணி கிடக்கு” என்று கேட்டால் எதைச் சொல்வோம்? தண்ணீர் நிற்கும் உயரத்தைத்தான். அதனால் 18-இல் 9.65-ஐக் கழித்து 8.35 என்று எழுதினார். தமிழ்ப்படி பார்த்தால் அவர் எழுதியதுதான் சரி. தப்பு என் வரியில்.

இந்த வாரம் ஒருவரும் அடுத்த வாரம் மற்றவரும் எழுதினால் என்ன ஆகும்? அலுவலகத்தில் குழாய் வாயின் மட்டம் 212.40 என்று வைத்திருக்கிறார்கள். 212.40-இல் 9.65 போனால் 202.75. அடுத்த வாரம் 8.35 போனால் 204.05. ஒரே வாரத்தில் 1.30 மீட்டர் ஏறிவிட்டது என்று தாள் சொல்லும். உண்மையில் ஒரு சொட்டும் ஏறியிருக்காது. திருப்பிப் போட்டால் இன்னும் பயமாக இருக்கிறது. உண்மையிலேயே 1.30 மீட்டர் ஏறியிருக்கும்போது எழுதுகிறவர் மாறினால் தாளில் மாற்றமே தெரியாமல் போக வழி இருக்கிறது.

பழைய ஏ.இ. · 11 ஜூன், காலை 7.15

இது எனக்கே புதிது. வாய்மொழியாக நாங்கள் “டிப் எவ்வளவு” என்றுதான் கேட்டுப் பழகினோம், ஆழம் என்று கேட்டதில்லை. அதனால் இந்தக் கோளாறு எங்களுக்கு வரவில்லை போலும்.

சொற்கிடங்கு அவர்கள் கரைநீர்மட்டக் குழாய் என்றார்களே, அதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன். குழாய் முழுக்கத் துளை போட்டு இறக்கினால் அந்தப் பெயர் பொருந்தும், அது வேறு. பீசோமீட்டரில் நுனி மட்டும்தான் திறந்திருக்கும். அதற்கு மேலே பென்டோனைட் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். ஆகவே அது நுனி இருக்கும் அந்த ஓர் இடத்து அழுத்தத்தைத்தான் காட்டும். பக்கத்தில் பக்கத்தில் வேறு வேறு ஆழத்துக்கு இரண்டு பீசோமீட்டர் இறக்கினால் இரண்டிலும் தண்ணீர் வேறு வேறு மட்டத்தில் நிற்கும். நீர்மட்டக் குழாய் என்று பெயர் வைத்தால், இரண்டில் ஒன்று கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவார்கள்.

சொற்கிடங்கு · 11 ஜூன், காலை 9.00

ஒப்புக்கொள்கிறேன். இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். அப்படியானால் நுண்துளை நீரழுத்தமானியே பொருளில் சரியான பெயர். பயிற்சிக் கையேட்டிலாவது அதை வையுங்கள்.

வைகைக்கரை · 11 ஜூன், இரவு 8.20

கையேட்டில் வைக்கிறேன், ஒரு முறை, விளக்கத்தோடு. படிவத்தில் “பீசோமீட்டர்”, பக்கத்தில் குழாய் எண். வரி இப்போது:

“டிப்: குழாயின் வாயிலிருந்து தண்ணீர் வரை டேப் அளவு ___ மீ.”

கீழே சின்னதாக ஒரு படம். குழாய், தண்ணீர், நடுவில் அம்புக்குறி. இன்று பெரியவருக்குப் போனில் அனுப்பி மறுபடி எழுதச் சொன்னேன். 9.65 வகையில்தான் எழுதி அனுப்பினார்.

4 ஜூன் அன்று நான் எழுதியதில் ஒரு திருத்தம். “சென்ற வாரம்” என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். களத்தில் பார்த்தபோது, இளையவர் சென்ற வார எண்ணைப் பார்த்துவிட்டு அதை ஒட்டியே இந்த வார எண்ணையும் எழுதினார். அதே 6 செ.மீ. முதலில் அளந்து எழுதட்டும், ஒப்பிடுவது அலுவலகத்தில் நடக்கட்டும்.

குளத்தங்கரை · 11 ஜூன், இரவு 9.30

அதையும் யோசியுங்கள். சென்ற வார எண் கையில் இருந்தால்தானே கூடிவிட்டது என்று அங்கேயே உறைக்கும்? அலுவலகத்துக்குத் தாள் போய்ச் சேர எத்தனை நாள்?

வைகைக்கரை · 11 ஜூன், இரவு 9.55

அதுவும் நியாயம். தாளின் பின்பக்கத்தில் வைக்கலாமா என்று பார்க்கிறேன். எழுதி முடித்தபின் திருப்பினால் தெரியும். இன்னும் முடிவு செய்யவில்லை.

பழைய ஏ.இ. · 12 ஜூன், காலை 6.40

பீசோமீட்டரில் கடைசியாக ஒன்று. குழாய் வாயின் மட்டம் 212.40 என்றீர்கள். அது எப்போது அளந்தது? மாடு இடித்தோ வண்டி மோதியோ குழாய் உடையும், 30 செ.மீ. வெட்டிவிட்டு மூடி போட்டுவிடுவார்கள். பதிவேட்டில் பழைய மட்டமே இருக்கும். அன்றிலிருந்து எல்லா அளவும் 30 செ.மீ. பிசகு. “குழாய் வாய் வெட்டப்பட்டதா, நீட்டப்பட்டதா?” என்று கேளுங்கள். அணையில் அதிர்கம்பி வகைக் கருவிகளும் இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அதில் அழுத்தம் கூடினால் பெட்டியில் காட்டும் எண் குறையும். “அளவு கூடியுள்ளதா” என்ற கேள்வியை அதற்குப் போடவே கூடாது.

வைகைக்கரை · 12 ஜூன், இரவு 10.10

அதிர்கம்பி நான்கு இருக்கிறது. அதற்கு எண்ணை மட்டும் எழுதும் கட்டம், கூடினதா குறைந்ததா என்று கேட்கும் கட்டம் இல்லை. குழாய் வாய் பற்றிய வரியைச் சேர்த்துவிட்டு நடுவயதுக்காரரைப் போனில் கேட்டேன். ஐந்தாம் எண் குழாயைப் போன வருடம் புல்வெட்டும் வண்டி இடித்து வெட்டினார்களாம். பொறியாளரிடம் சொல்லியிருக்கிறேன், லெவல் எடுக்க ஆள் அனுப்புகிறார்.

முத்தையன்கட்டு · 13 ஜூன், காலை 7.25

துருசை ஒட்டின கசிவு வரியை மறந்து போகாதேங்கோ. முடிந்ததும் படிவத்தைப் பகிர முடியுமா? வானும் துருசும் போட்டு எங்கட குளத்து ஆட்களிடம் ஒருக்கால் குடுத்துப் பார்க்க விருப்பம்.

வைகைக்கரை · 13 ஜூன், காலை 7.50

மறக்கவில்லை, 3-ஆம் பக்கம், இரண்டாவது வரி. “பாசன மதகின் சுவரும் மண் கரையும் சேரும் இடத்தில் ஈரம், ஊற்று, குழி உள்ளதா?” அனுமதி கேட்டுவிட்டு அனுப்புகிறேன். உங்கள் ஆட்களிடம் கொடுக்கும்போது “ஈரம்” என்ற சொல்லையும் கேட்டுச் சொல்லுங்கள் அண்ணா. இங்கே பெரியவர், புல் மட்டும் பச்சையாக இருந்தால் அதை ஈரம் என்று எழுத மாட்டேன் என்கிறார். சுற்றிலும் காய்ந்த கரையில் ஓரிடத்தில் மட்டும் பச்சை என்றால் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.